எஸ்டிமேட் பாஸ் ஆகியும் இன்சூரன்ஸ் காசு வரலியா? 14 நாள எப்ப இருந்து எண்ணுறீங்கன்னு மொதல்ல பாருங்க

நம்ம பக்கம் வாகனம் அடிபடாத மாசமே இல்ல. கினிகத்தேனை வளைவு, ரம்பொடை இறக்கம், பின்னேரம் நாலு மணிக்கே வந்து மூடுற மிஸ்ட், இதெல்லாம் நமக்கு புதுசில்ல. அடிபட்ட அன்னைக்கு கோல் எடுத்தா இன்சூரன்ஸ் ஆள் வந்து போட்டோ எடுத்துட்டு போறதும், கராஜ்ல எஸ்டிமேட் போடுறதும், இன்ஜினியர் வந்து பார்த்து தொகைய பாஸ் பண்றதும் பெரும்பாலும் ஒழுங்கா நடக்குது. அதுக்கப்புறம்தான் எல்லாம் நின்னு போகுது, வாகனம் ஓடல, லீசிங் மட்டும் மாசாமாசம் ஓடுது. அந்த நேரத்துல நாம பண்ற சில தவறுகளாலயே காசு இன்னும் தள்ளிப் போகுது. என் மச்சானுக்கு 2025ல நடந்தத வச்சே சொல்றேன், அவரு தலவாக்கலைல ஸ்கூல் வேன் ஓட்டுறவரு.

மே 28 பின்னேரம் கினிகத்தேனைல எதுக்க வந்த லொறிக்கு வழி விடப் போயி வேன் கல்லுக்கட்டுல மோதிருச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல, முன் பம்பர், ஒரு ஹெட்லைட், ரேடியேட்டர் போச்சு. புல் இன்சூரன்ஸ். அசெஸர் அன்னைக்கே வந்துட்டாரு. மே 31ல கராஜ் நடத்துற பாஸ் 286,000 ரூபாக்கு எஸ்டிமேட் குடுத்தாரு. ஜூன் 4ல இன்ஜினியர் வந்து பார்த்தாரு, 9ஆம் திகதி 231,500 பாஸ் ஆகி கடிதம் வந்திச்சு. லேபர், பெயின்ட்ல 18,500 வெட்டு, பழைய வாகனம்னு புது பார்ட்ஸ்க்கு தேய்மானம் 26,000, நாமளே ஏத்துக்க வேண்டிய எக்ஸஸ் 10,000, அதெல்லாம் கடிதத்துல பிரிச்சு போட்டிருந்திச்சு. மச்சான் கைக்காச போட்டு வேலைய முடிச்சிட்டு அப்புறம் கொம்பனிகிட்ட வாங்குறதா ஏற்பாடு.

அவரு பண்ணின மொத தவறு, நம்மாளுங்க எல்லாரும் பண்றதுதான். பொலிசி புக்ல 14 நாள்னு பார்த்திருந்தாரு, அத அடிபட்ட நாள்ல இருந்து எண்ணிட்டாரு. ஜூன் 11 தாண்டினதும் தினமும் கோல் எடுத்து சத்தம் போட ஆரம்பிச்சிட்டாரு, அந்த நேரம் வேன் ரிப்பேரே முடியல. நான் புக்க வாங்கி பார்த்தா அதுல இருந்த வசனம் வேற: "தேவையான எல்லா ஆவணங்களும் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள்". இதுல ரெண்டு வார்த்தைய கவனிக்கணும். "எல்லா ஆவணங்களும்" னா கடைசி பேப்பர் அவங்க கைக்கு போன நாள்லதான் எண்ணிக்கை தொடங்குது, ஒரே ஒரு பேப்பர் கொறஞ்சாலும் தொடங்காது. "வேலை நாள்" னா சனி ஞாயிறு, போயா எல்லாம் கழிச்சுதான் எண்ணணும். ஒவ்வொரு கொம்பனிக்கும் இந்த நாள் கணக்கு வேற வேற, அதனால பக்கத்து வீட்டுக்காரரு சொன்ன கணக்க வச்சு சண்டைக்கு போகாதீங்க, உங்க புக்ல, இல்லாட்டி அவங்க குடுத்த நோட்டீஸ்ல இருக்கிற வசனத்த போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அடுத்தது, கோல்லயே எல்லாத்தையும் முடிக்கப் பாக்குறது. மச்சான் எத்தன தடவ எடுத்தாரோ அத்தன பேரு எடுத்தாங்க, ஒருத்தரு "பிராசஸ்ல இருக்கு" ன்னாரு, இன்னொருத்தரு "கொழும்புக்கு அனுப்பிட்டோம்" ன்னாரு, ஏஜன்ட் தம்பி "அண்ணே நான் பார்த்துக்குறேன்" ன்னு சொன்னதோட சரி. ஏஜன்ட் மேல எனக்கு கோபமில்ல, பொலிசி போடுறதுதான் அவரு வேல, க்ளெய்ம் பைல் அவரு கையில இல்ல. ஆனா ஏஜன்டுக்கு வட்ஸ்அப்ல அனுப்பின பேப்பர கொம்பனிக்கு குடுத்ததா நெனச்சுக்கிறது பெரிய தவறு. அது பைலுக்கு போகாம அவரு போன்லயே கெடக்கும், அப்ப எண்ணிக்கையும் தொடங்காது. நேரா பிராஞ்ச்ல குடுத்து, உங்க கொப்பியில சீல் அடிச்சு திகதி போட்டு வாங்குங்க, இல்லாட்டி க்ளெய்ம் பகுதி ஈமெயிலுக்கு அனுப்புங்க.

ஜூன் 20ல வேன் வேல முடிஞ்சு பைனல் பில் குடுத்தாச்சு. இனி காசு வரும்னு மச்சான் நெனச்சாரு. 24ஆம் திகதி நான் உக்காந்து ஒரே ஒரு கேள்விய ஈமெயில்ல போட்டேன்: இந்த க்ளெய்முக்கு இன்னும் என்ன பேப்பர் வரணும், இல்லாட்டி எல்லாம் வந்திருச்சா, எழுத்துல சொல்லுங்க. அடுத்த நாளே பதில் வந்திச்சு. ரெண்டு வேல பாக்கி. ஒண்ணு, வேன் லீசிங்ல இருக்குறதால காச மச்சான் பேருக்கு குடுக்க ஆட்சேபனை இல்லன்னு லீசிங் கொம்பனி கடிதம். மத்தது கழட்டின பழைய பார்ட்ஸ், அத அவங்ககிட்ட ஒப்படைக்கணும். இத்தன கோல்லயும் ஒருத்தரும் இத சொல்லல! "ஏன் இன்னும் தரல" ன்னு கேட்டா சமாதானம் சொல்லுவாங்க, "என்ன பாக்கி" ன்னு எழுத்துல கேட்டா பைல தொறந்து பார்த்தே ஆகணும்.

பழைய பார்ட்ஸ் விஷயத்துல மச்சானுக்கு அதிர்ஷ்டம், கராஜ் பாஸ் ஒடஞ்ச பம்பரையும் ரேடியேட்டரையும் பின்னால போட்டு வச்சிருந்தாரு. நெறைய கராஜ்ல அது அடுத்த நாளே பழைய இரும்புக்கு போயிரும், அப்புறம் அதுக்கு ஒரு தொகைய வெட்டுவாங்க, இல்ல பைல நிறுத்தி வைப்பாங்க. வேல தொடங்குறப்பவே பாஸ்கிட்ட ஒண்ணையும் வீசாதீங்கன்னு சொல்லிருங்க.

கொம்பனி நேரா கராஜுக்கு காசு குடுக்குற ஏற்பாடா இருந்தா கதை கொஞ்சம் மாறும். கராஜ்ல "கொம்பனி இன்னும் தரல" ம்பாங்க, கொம்பனில "கராஜ் பைனல் பில் தரல" ம்பாங்க, நீங்க நடுவுல நிப்பீங்க. பில் என்னைக்கு போச்சுன்னு கராஜ்ல கேட்டு, அனுப்பின ஈமெயில உங்களுக்கும் ஒரு கொப்பி போடச் சொல்லுங்க. பஞ்சிகாவத்தைல இருந்து பார்ட்ஸ் வர லேட் ஆனா அது வேற தாமதம், அத இந்த 14 நாளோட சேர்க்க முடியாது.

கழட்டுறப்ப உள்ள புதுசா ஒரு சேதம் தெரிஞ்சா அந்த இடத்துல வேலைய நிறுத்தணும். ஏற்கனவே பாஸ் ஆன தொகைல அது இல்ல, கூடுதல் எஸ்டிமேட் போட்டு, போட்டோவோட அனுப்பி, அவங்க பார்த்து ஒத்துக்கிட்ட பிறகுதான் மாட்டணும். ஸ்கூல் தொறக்குது அவசரம்னு மாட்டிட்டு பில்ல மட்டும் குடுத்தா, நாங்க பாக்கலியேன்னு மறுத்துருவாங்க, அதுக்கு பதில் சொல்ல உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. கூடுதல் எஸ்டிமேட் போட்டா நாள் கணக்கும் பின்னுக்கு போகும், அதயும் கணக்குல எடுத்துக்கோங்க.

மச்சான் லீசிங் கடிதத்தையும் பழைய பார்ட்ஸ் ஒப்படைச்ச ரசீதையும் ஜூன் 27 வெள்ளிக்கெழம பிராஞ்ச்ல குடுத்து சீல் வாங்கிட்டாரு. அன்னைக்கே ஈமெயிலும் போட்டோம், "நீங்க கேட்ட ரெண்டும் குடுத்தாச்சு, இனி ஏதாவது பாக்கின்னா சொல்லுங்க" ன்னு. இந்த ஒரு வரி முக்கியம், அப்புறம் புதுசா ஒரு பேப்பர கெளப்பினா அத ஏன் அப்பவே கேக்கலன்னு கேக்கலாம். இப்பதான் எண்ணிக்கை தொடங்குது. ஜூன் 30 திங்கள் ஒண்ணாவது நாள், நடுவுல ஜூலை 10 எசல போயா, அத விட்டுட்டு எண்ணினா பதினாலாவது நாள் ஜூலை 18 வெள்ளி. சும்மா 14 நாள்னு எண்ணியிருந்தா ஜூலை 11லயே சண்டைக்கு போயிருப்போம், அவங்க ஒரே வார்த்தைல நம்மள மடக்கியிருப்பாங்க, அதுக்கப்புறம் நாம சொல்றதுக்கு மதிப்பிருக்காது.

18 போச்சு, காசு வரல. 21 திங்கள் காலைல இந்த மாதிரி எழுதினோம், பைல பாக்குறவரு கொழும்புல இருக்கிறதால லேசான இங்கிலீஷ்ல, விஷயம் இதுதான்:

"க்ளெய்ம் நம்பர் இது, வாகன நம்பர் இது. 231,500 ரூபா ஜூன் 9ஆம் திகதி அனுமதிக்கப்பட்டது. நீங்கள் ஜூன் 25ல் கேட்ட கடைசி இரண்டும் ஜூன் 27ல் ஒப்படைக்கப்பட்டன, சீல் வைத்த பிரதி இணைப்பில். உங்கள் பொலிசி புத்தகத்தில் சொன்ன 14 வேலை நாட்கள் ஜூலை 18ல் முடிந்தன. பணம் எந்தத் திகதியில் வரும் என்பதையும், தாமதத்துக்கான காரணத்தையும் ஜூலை 25க்குள் எழுத்தில் தாருங்கள்."

கோபமா ஒரு வார்த்தை இல்ல, பிள்ளைங்க ஸ்கூல் போற கஷ்டம் இல்ல, மச்சானுக்கு அதெல்லாம் எழுதணும்னு ஆசை, நான்தான் விடல. அந்த கஷ்டம் உண்மைதான், ஆனா பதில் சொல்றவருக்கு திகதிதான் தப்பிக்க முடியாத விஷயம். பிராஞ்சுக்கு மட்டும் போடாம தலைமை ஆபிஸ் க்ளெய்ம் மேனேஜருக்கும் போட்டோம். ரெண்டு நாள்ல பதில் வந்திச்சு: தொகை ரெடி, கையெழுத்து போட வேண்டிய டிஸ்சார்ஜ் போம் அட்டன் பிராஞ்ச்ல ஒரு கிழமையா கெடக்கு. ஒருத்தரும் கூப்பிட்டு சொல்லல.

அந்த போம்ல அவசரத்துல கையெழுத்து போடுறதும் ஒரு தவறு. "இது முழுமையான, இறுதியான தீர்வு" ன்னு அதுல இருக்கும், போட்டா அதுக்கப்புறம் வெட்டின தொகைய கேக்குறது ரொம்ப கஷ்டம். மச்சானுக்கு வெட்டுகள் ஞாயமா பட்டிச்சு, போட்டாரு, 29ஆம் திகதி காசு பேங்க்ல விழுந்திச்சு. உங்களுக்கு வெட்டு ஒத்துக்க முடியாட்டி கையெழுத்துக்கு முந்தியே, எந்த வெட்டு ஏன் சரியில்லன்னு எழுதி, பிரச்சின இல்லாத தொகைய முதல்ல தரச் சொல்லி கேளுங்க.

25ஆம் திகதி வரைக்கும் பதிலே வராம இருந்திருந்தா அடுத்தது கொம்பனியோட முறைப்பாட்டு பகுதி, அதுக்கப்புறம் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், இல்லாட்டி காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. சில பேரு கோபத்துல நேரா அங்கயே எழுதிருவாங்க, ஒம்புட்ஸ்மன் கேக்குற மொத கேள்வியே கொம்பனிக்கு எழுதினியா, என்ன பதில்ங்கிறதுதான், திருப்பி அனுப்பினா இன்னும் நாள் போகும். கோர்ட்டுக்கு போன விஷயத்த அவரு எடுக்கவும் மாட்டாரு, அதனால லோயர் நோட்டீஸோட நிறுத்திக்கிறதா வழக்கே போடுறதான்னு முடிவு பண்றதுக்கு முந்தி இத யோசிங்க. அங்க அனுப்புறப்ப இந்த நாலு பேப்பரும் முக்கியம்: தொகை பாஸ் ஆன கடிதம், நாள் கணக்கு இருக்கிற புக் பக்கம், சீல் அடிச்ச கொப்பி, 14 நாள் முடிஞ்சதுக்கு பிறகு நீங்க எழுதின ஈமெயில்.