தண்ணீர் மோட்டார் வாங்கும்முன்: பத்து வருஷக் கணக்கு போடும் முறை

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பள்ளி. தரைக்கு மேல் மூன்று மாடி, 600 பிள்ளைகள். மெட்ரோ வாட்டரும் லாரித் தண்ணீரும் சம்ப்பில் விழும். அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் கருகிவிட்டது. இரண்டு கொட்டேஷன் வந்தன. முதலாவது, கருகியதே போன்ற 1 எச்.பி. செல்ஃப் பிரைமிங், மாட்டுக்கூலியோடு 7,500 ரூபாய். இரண்டாவது, 1 எச்.பி. சென்ட்ரிஃபியூகல் மோனோபிளாக், ஃபுட் வால்வோடு 14,000. "ஆறாயிரத்து ஐந்நூறு கம்மி சார், பழசையே மாட்டிடலாமே?" என்றார் தாளாளர்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: 1,000 லிட்டர் மேலே போக எத்தனை யூனிட் ஆகிறது?

1. பழைய மோட்டாரை அளந்து பாருங்கள்

இங்கே ரீவைண்டிங் செய்து வந்ததும் அளந்தோம். ஞாயிற்றுக்கிழமை போங்கள். மோட்டாரைத் தவிர எல்லா சுவிட்சையும் அணையுங்கள். இ.பி. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் `3200 imp/kWh` போல அச்சிட்டிருக்கும். அதாவது 3,200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். மோட்டாரைப் போட்டு ஒரு நிமிஷம் எண்ணினேன், 59 வந்தது. அதே நேரத்தில் மாடியில் ஒருவர் காலியான 1,000 லிட்டர் தொட்டி நிறையும் நேரத்தைப் பார்த்தார். 12 நிமிஷம், அதாவது மணிக்கு 5,000 லிட்டர்.

```
59 × 60 ÷ 3200 = 1.1 kW
1.1 ÷ 5 = 0.22 யூனிட் (1,000 லிட்டருக்கு)
```

1 எச்.பி. என்றால் 0.746 கிலோவாட்தானே, 1.1 எப்படி என்று கேட்பார்கள். எச்.பி. என்பது மோட்டார் தண்டு கொடுக்கும் சக்தி. மீட்டரில் ஏறுவது அது உள்ளே இழுப்பது; பில் அதற்குத்தான்.

2. புதியதன் எண்ணைக் கடைக்காரரிடம் வாங்குங்கள்

பெட்டியில் உள்ள அதிகபட்ச உயரத்தையும் அதிகபட்ச லிட்டரையும் நம்ப வேண்டாம். அவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஏற்றும் உயரத்தோடு குழாயின் உராய்வையும் சேர்த்தால் வருவதுதான் ஹெட். "எங்கள் ஹெட்டில் எத்தனை லிட்டர் வரும், எத்தனை கிலோவாட் இழுக்கும்?" என்று கேட்டு, கம்பெனியின் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

சம்ப்பின் அடிமட்டத்திலிருந்து தொட்டி வாய்வரை 16 மீட்டர். ஒன்றேகால் அங்குலக் குழாயில் உராய்வு சுமார் 4. ஆக ஹெட் 20. (ஒரு அங்குலக் குழாயாக இருந்தால் அதே அளவு தண்ணீருக்கு அந்த 4 மீட்டர் 14-ஐத் தொடும். மோட்டாரை மாற்றும்முன் குழாயைப் பாருங்கள்.) 20 மீட்டரில் மோனோபிளாக் மணிக்கு 7,000 லிட்டர், 1 கிலோவாட் என்றது அட்டவணை. 1,000 லிட்டருக்கு 0.143 யூனிட்.

3. வருஷங்களோடு பெருக்குங்கள்

பகல் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 600 பேருக்கு நாளைக்கு 27,000. 220 நாளில் 59.4 லட்சம் லிட்டர். யூனிட் விலையை உங்கள் பில்லில் பாருங்கள், நான் 8 ரூபாய் என்று வைத்தேன். பழைய வகைக்கு வருஷம் சுமார் 10,450 ரூபாய், மோனோபிளாக்குக்கு 6,800. அந்த ஆறாயிரத்து ஐந்நூறு, இரண்டு வருஷம் முடியுமுன் மின்சாரத்திலேயே திரும்பிவிடுகிறது.

4. ரிப்பேரைச் சேருங்கள்

இதற்கு அட்டவணை கிடையாது, பழைய வவுச்சர்கள்தான் வழி. இந்தப் பள்ளியில் கோடையில் சம்ப்பு வறண்டு மோட்டார் வெறுமனே ஓடி மெக்கானிக்கல் சீல் போவதும், வோல்டேஜ் இறங்கி வைண்டிங் கருகுவதும்தான் அதிகம். பழைய வகைக்கு வருஷம் 2,000, நடுவில் ஒருமுறை புது மோட்டார் என்று வைத்தேன், மோனோபிளாக்குக்கு 1,500. வாங்கும் விலை, மின்சாரம், ரிப்பேர் எல்லாம் சேர்த்துப் பத்து வருஷத்தில் முதலாவது 1,39,500 ரூபாய், இரண்டாவது 97,000.

செல்ஃப் பிரைமிங்கில், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. சம்ப்பில் படிந்த மணல் உள்ளே போனால் அது சீக்கிரம் தேய்ந்து தண்ணீர் குறையும், மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கும். மோனோபிளாக்குக்கும் ஒரு தொல்லை உண்டு: ஃபுட் வால்வு கசிந்தால் காலையில் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் திட்டுவார். உப்பு போர் தண்ணீரை ஏற்றுவதானால் இந்தக் கணக்கே செல்லாது. வார்ப்பிரும்பு இம்பெல்லர் அரித்துவிடும், ஸ்டெயின்லெஸ் அல்லது வெண்கலம் கேளுங்கள்.

5. மாட்டிய பிறகு மறுபடி அளங்கள்

முதல் வாரமே சிமிட்டலை எண்ணி எழுதி வையுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 0.143 என்பது 0.19 ஆனால் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கும். ரீவைண்டிங் முடிந்து வந்ததும் கட்டாயம் அளங்கள். மெல்லிய கம்பி சுற்றியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மலிவானது சரியாக வரும் இடமும் உண்டு. நாளைக்கு 5,000 லிட்டர்தான் ஏற்றுகிறீர்கள் என்றால், அந்த 6,500 ரூபாய் மின்சாரத்தில் திரும்பவே ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும். அங்கே தாளாளர் சொன்னதையே வாங்கலாம்.