மூன்றாவது முறை வந்த மனச்சோர்வு, தெளிவில்லாத சிறுவயது: கேஸ் ஃபார்முலேஷன் எழுதும் முறை

எம்.ஃபில். முதல் வருடத்தில் ஒரு பெண்ணுக்கு நான் எழுதிய ஃபார்முலேஷனில், அதாவது அவருடைய பிரச்சினை எப்படி உருவாகி எதனால் நீடிக்கிறது என்று விளக்கும் குறிப்பில், "சிறுவயதில் பாலியல் வன்முறை நடந்திருக்கலாம்" என்று அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் எழுதினேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் பேசத் தயங்கிய விதத்தை வைத்து நானே ஊகித்தது அது. சில மாதம் கழித்து ஃபைலைப் பார்த்து வேறொருவர் சுருக்கம் எழுதியபோது "நடந்திருக்கலாம்" என்பது "நடந்தது" ஆகிவிட்டது. அந்தச் சுருக்கம் அம்மாவின் கைக்குப் போனது. "யாருடி அது?" என்று வீட்டில் விசாரணை. அந்தப் பெண் அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வரவே இல்லை.

அதனால் இந்தப் பதிவில் மற்ற படிகளைச் சீக்கிரம் கடந்துவிட்டு, அந்த ஒரு கட்டத்தில் நிறைய நேரம் நிற்கப் போகிறேன். 1977-ல் ஜார்ஜ் எங்கல் முன்வைத்த உடல்-உள-சமூகப் பார்வையும், ஐந்து 'பி' அட்டவணையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போதைய பிரச்சினை, முன்பே இருந்த பலவீனங்கள், தூண்டியவை, நீடிக்க வைப்பவை, காப்பவை என்பவைதான் அந்த ஐந்து.

எடுத்துக்காட்டுக்கு மலர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பலருடைய விவரங்களைக் கலந்து நான் உருவாக்கியவர். வயது 23, சொந்த ஊர் ஈரோடு பக்கம், பெங்களூரில் இரவு ஷிஃப்ட் வேலை. இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறார். மனச்சோர்வின் அளவைக் கணிக்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளில் மதிப்பெண் 18. தற்கொலை எண்ணம் பற்றிய அதன் ஒன்பதாவது கேள்விக்கு "சில நாட்கள்" என்று குறித்திருந்தார். அப்படிக் குறித்தால் தற்கொலை எண்ணம், திட்டம், கைக்கெட்டும் வழிகள் எல்லாவற்றையும் அன்றே கேட்டு எழுதிவிட வேண்டும். ஃபார்முலேஷன் அதற்கப்புறம்தான். மலருக்குத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் தாய்மாமா தற்கொலை செய்துகொண்டவர் என்பது இந்தக் கேள்விகளின்போதுதான் வெளியே வந்தது.

படி 1: முதலில் கோடு, அப்புறம்தான் கட்டம்

ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, பிறந்ததிலிருந்து இன்று வரை ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே நடந்தவை, கீழே மனநிலை. பென்சிலில்தான் எழுத வேண்டும், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எக்செல் அட்டவணையில் நேராக ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்காது. காலியாக இருக்கும் கட்டம் எதையாவது எழுதச் சொல்லி நம்மை நெருக்கும். கோட்டில் காலி இடம் காலியாகவே இருந்தால் உறுத்தாது.

மலரின் கோட்டில் வந்தவை இவை. 6 முதல் 8 வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்தார், அப்பா அம்மா திருப்பூரில் வேலையில் இருந்தார்கள். 16 வயதில் பிளஸ் ஒன் ஹாஸ்டலில் சேர்ந்த இரண்டாம் மாதம் முதல் மனச்சோர்வு. 19 வயதில் காதல் முறிந்த பிறகு இரண்டாவது. அப்போது செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள், தேறியதும் மூன்றே மாதத்தில் அவராகவே நிறுத்திவிட்டார். இப்போது மூன்றாவது.

இரண்டு எபிசோடுக்கு நடுவில் நன்றாக இருந்த மாதங்களை விட்டுவிடாமல் கேளுங்கள். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-11-ன்படி, நடுவில் பல மாதங்கள் பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்திருந்தால்தான் அது திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு. அந்த இடைவெளி இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது பல வருடமாக ஓடும் ஒரே சோர்வாக இருக்கலாம். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் வேகமும் கூடிய நாட்கள் உண்டா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். நான்கு நாள் தொடர்ந்து அப்படி இருந்திருந்தால் இருமுனைக் கோளாறைப் பற்றி யோசிக்காமல் மருந்து பற்றிப் பேசக் கூடாது. மலருக்கு அப்படி இல்லை.

படி 2: தூண்டியவற்றை மூன்று எபிசோடுக்கும் சேர்த்துப் பாருங்கள்

உடல் வரிசையில் எழுத வேண்டியவை எளியவை: மலரின் தம்பி பிறந்தபின் அம்மாவுக்கு வந்த மனச்சோர்வு, மாமாவின் மரணம், தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 முடிவுகள், இரவு ஷிஃப்ட். சமூக வரிசையில் வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், ஊரில் நடக்கும் கல்யாணப் பேச்சு.

தூண்டியவற்றைப் பலரும் இந்த எபிசோடுக்கு மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். மூன்றையும் வரிசையாக வையுங்கள். ஹாஸ்டல், காதல் முறிவு, பெங்களூர். மூன்றிலும் நெருக்கமான ஒருவரை விட்டு விலகிப் போவதுதான் நடந்திருக்கிறது. இன்னொன்றும் தெரியும்: மூன்றாவது முறை தூண்டுதல் சிறியது. அறைத்தோழி வேறு வீட்டுக்கு மாறினார், அவ்வளவுதான். எபிசோடுகள் கூடக்கூட, சின்ன விஷயமே அடுத்ததைக் கிளப்பிவிடும் போக்கு பலரிடம் உண்டு. கிண்ட்லிங் என்று வகுப்பில் படித்தது இதைத்தான்.

படி 3: நான் சறுக்கிய இடம்

பாட்டி வீட்டில் இருந்த இரண்டு வருடம் பற்றி மலருக்கு அநேகமாக ஒன்றும் நினைவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தூங்க முடியாது என்கிறார். அம்மாவைக் கேட்டால் "அங்க ஒண்ணும் நடக்கல, நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்று சட்டென்று பேச்சை முடிக்கிறார். மலரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "நினைவு இல்லன்னா ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தமாமே?" என்று கேட்கிறார்.

முதலில் மூன்று தலைப்புகள் போடுங்கள்: அவர் சொன்னது, பிறர் சொன்னது, என் ஊகம். ஒவ்வொரு தகவலும் ஏதாவது ஒன்றின் கீழ் மட்டும்தான் வர வேண்டும். பெற்றோரைப் பிரிந்து இரண்டு வருடம் இருந்ததை அவர் சொல்கிறார், அம்மாவும் ஒப்புக்கொள்கிறார். அது தயங்காமல் 'முன்பே இருந்த பலவீனங்கள்' கட்டத்துக்குப் போகும். கதவு பற்றிய பயம் அவர் சொன்னது. அதற்கு என்ன காரணம் என்பது ஊகம். அம்மா பேச்சை முடித்தது நான் பார்த்தது. அதற்கு நான் கொடுக்கும் அர்த்தம் ஊகம். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன குற்ற உணர்வில்கூட ஒரு தாய் அப்படிப் பேச்சை முடிப்பார்.

நினைவு இல்லாததை ஆதாரமாக எடுக்க முடியாது. ஏழு வயதுக்கு முந்தைய நினைவுகள் பெரும்பாலானோருக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதோடு மனச்சோர்வில் இருப்பவருக்கு, குறிப்பிட்ட ஒரு நாளின் நிகழ்ச்சியை எடுத்துச் சொல்வதே கடினம். "எப்பவும் தனியாத்தான் இருந்தேன்" என்று பொதுவாகவே பதில் வரும். சோர்வு குறைந்தபின் இதே கேள்விக்கு வேறு பதில் கிடைப்பதுண்டு. எதுவும் நினைவில்லை என்பதால் "அதிர்ச்சி வரலாறு இல்லை" என்று எழுதுவதும் அதே அளவு தவறு. "இன்றுவரை குறிப்பிட்ட நிகழ்ச்சி எதுவும் சொல்லவில்லை, மீண்டும் பார்க்க வேண்டும்" என்று தேதியோடு எழுதுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். முதலில், "அந்த வீட்டுல ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்று திறந்த கேள்வி. அப்புறம், தனியாக இருக்கும்போது, ஒரே ஒரு முறை நேராக: "சில பேருக்குச் சின்ன வயசுல கடுமையான அடி, பிடிக்காத தொடுதல் மாதிரி நடந்திருக்கும். உங்களுக்கு அப்படி ஏதாவது ஞாபகம் இருக்கா? இப்பவே சொல்லணும்னு இல்ல." இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதையே கேட்டால், அவர் பதிலைத் தேட ஆரம்பிப்பார். அப்படித் தேடிக் கிடைக்கும் பதிலை நம்ப முடியாது. நடக்காத சிறுவயதுச் சம்பவத்தைக்கூடச் சிலருக்கு நினைவாக ஆக்கிவிட முடியும் என்று உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1990-களில் செய்த சோதனைகள் காட்டின.

சிறுவயதில் பட்ட துன்பங்களை எண்ணி மதிப்பெண் போடும் ஏ.சி.இ. கேள்வித்தாளை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. 1998-ல் வெளிவந்த அந்த ஆய்வு ஆயிரக்கணக்கானவர்களை மொத்தமாகப் பார்ப்பதற்கானது. ஒருவருக்கு 4 வந்தால் அவர் எப்படிப் பாதிக்கப்பட்டார் என்று அந்த எண் சொல்லாது. அதற்குப் பதிலாக இன்றைய அறிகுறிகளைப் பாருங்கள்: சம்பவம் இப்போதே நடப்பது போலத் திரும்ப வருகிறதா, அதை நினைவூட்டுவதை ஒதுக்குகிறாரா, எப்போதும் ஆபத்து சூழ்ந்திருப்பது போல விழிப்பாக இருக்கிறாரா? ஐ.சி.டி-11 அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறுக்குக் கேட்பது இந்த மூன்றையும்தான். மலரிடம் மூன்றும் இல்லை. கதவைப் பற்றி இன்னும் கேட்டபோது, மூடிய அறையில் இருந்தால் யாரும் கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் என்றார்.

படி 4: பத்தியாக எழுதுங்கள்

அட்டவணை ஃபார்முலேஷன் ஆகாது. எது எதற்கு இட்டுச் சென்றது என்று வாக்கியமாக எழுதிப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரியும். என் மாதிரி:

"குடும்ப வழியில் மனச்சோர்வுக்குச் சாத்தியம் உள்ள மலர், 6–8 வயதில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்தார். நெருக்கமானவர்கள் விலகும்போது 'என்னைத் தேட யாரும் இல்லை' என்று முடிவுகட்டும் பழக்கம் அந்தக் காலத்தில் உருவாகியிருக்கலாம். மூன்று எபிசோடும் பிரிவைத் தொடர்ந்தே வந்துள்ளன. இரவு வேலை, அறைக்குள் முடங்குவது, சீக்கிரம் நிறுத்திய மருந்து ஆகியவை இதை நீடிக்க வைக்கின்றன. தம்பியுடன் தினமும் பேசுவதும், தானாக உதவி தேடி வந்ததும் பலம். அந்த இரண்டு வருடத்தில் வேறு ஏதாவது நடந்ததா என்பது தெளிவில்லை. பிரிவே இதை விளக்கப் போதுமானது. சொல்லப்படாத ஒன்று இருந்தாலும் மேலே உள்ளவை மாறாது, கூடுதலாகும்."

கடைசி மூன்று வாக்கியங்களுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதினேன். ஏதோ நடந்தது, எதுவும் நடக்கவில்லை என்ற இரண்டு பாதையையும் எழுதிப் பார்த்தால், முதல் மூன்று மாதத்துக்கான வேலை இரண்டிலும் ஒன்றுதான் என்று புரியும்: பகல் ஷிஃப்டுக்குக் கடிதம், மனநல மருத்துவரிடம் மருந்து, தேறியபின் குறைந்தது ஆறு மாதம் அதை நிறுத்தாமல் தொடர்வது, முடங்கிக் கிடக்கும் நேரத்தில் சின்னச் சின்னச் செயல்களை நாள்வாரியாகத் திட்டமிடுவது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

எது நடந்தால் என் ஃபார்முலேஷன் தவறு என்பதையும் ஒரு வரி சேருங்கள். ஆறு வாரத்தில் தூக்கமும் பி.எச்.கியூ-9-ம் சரியாகியும் கதவு பயமும் விழிப்பும் கூடினால், அல்லது கெட்ட கனவுகள் ஆரம்பித்தால், படி 3-க்குத் திரும்ப வேண்டும்.

பிற்சேர்க்கை

அம்மா அறையை விட்டு வெளியே போக மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதல் அரை மணி நேரம் சேர்ந்தே பேசுங்கள். அப்புறம் "எல்லாருக்கும் செய்யறதுதான்மா, கொஞ்ச நேரம் தனியாப் பேசணும்" என்று வழக்கமான நடைமுறையாகச் சொல்லுங்கள். குடும்பத்துக்குக் கொடுக்கும் சுருக்கத்தில் 'ஊகம்' தலைப்பின் கீழ் இருப்பது ஒரு வரிகூடப் போகக் கூடாது.

ஹிப்னாஸிஸ் செய்து நினைவை மீட்கலாமா என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். அதில் வருவது உண்மைதான் என்ற நம்பிக்கை கூடுமே தவிர, அது உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு கூடாது.

"எனக்கு ஏதாவது நடந்திருக்குமா மேடம்?" என்று அவரே கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. நான் சொல்வது இது: "எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்ப தெரியல. அதைக் கண்டுபிடிச்சாத்தான் நீங்க தேற முடியும்னு இல்ல. எப்பவாவது ஏதாவது தானா ஞாபகம் வந்தா, அன்னைக்கு அதைப் பத்திப் பேசுவோம். இப்ப நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்கன்னு சொல்லுங்க."