பொது லாகினை பிட்வார்டனில் பகிரும்போது

அலுவலகத்தில் பாஸ்வேர்டுகளைச் சேமித்துப் பகிர பிட்வார்டன் ஆப் போடுகிறீர்களா? முதலில் எல்லோரும் தினமும் திறக்கும் ஒரே ஒரு லாகினை, கூரியர் தளம் மாதிரி, குழுவில் எல்லோரும் பார்க்கும் தொகுப்பான பொது கலெக்‌ஷனில் போட்டுப் பழக்குங்கள். அதற்கு முன் குரோமில் பாஸ்வேர்டு சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் மாறி மாறிக் கேட்கும். பாதிப் பேர் பழைய பாஸ்வேர்டையே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஓடிபி ஒருவர் போனுக்கு மட்டும் வந்தால், அவர் லீவு போடும் நாளில் வேலை நின்றுவிடும். தளம் ஆதென்டிகேட்டர் ஆப்பை ஏற்றால், தளம் காட்டும் ரகசியக் குறியீட்டை பிட்வார்டனில் அதே லாகின் பதிவில் சேருங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண் குழுவில் எல்லோருக்கும் கிடைக்கும், பிட்வார்டனின் கட்டணத் திட்டம் என்றால்.

பாஸ்வேர்டை மறைத்துப் பகிரும் வசதியை நம்ப வேண்டாம். ஆட்டோஃபில் ஆனதும் பிரவுசரிலேயே எடுத்துவிடலாம். ஒருவர் வேலையை விட்டால் கலெக்‌ஷனிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, பாஸ்வேர்டையும் அந்தக் குறியீட்டையும் அன்றே மாற்றுங்கள்.