பிளைவுட் படகு வரையும்போது முதல் ஃபிரேமில் நடக்கும் தவறு

போன மாதம் சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறைக்குப் போயிருந்தேன். ஓரத்தில் இடம் வாடகைக்கு எடுத்து ஒரு தம்பி சின்னப் படகு கட்டிக்கொண்டிருந்தார். படகின் குறுக்குச் சட்டங்களான ஃபிரேம்கள் தலைகீழாக வரிசையாக நின்றன. அடியின் நடுவில் ஓடும் கீலும், அடியும் பக்கமும் சேரும் விளிம்பில் ஓடும் சைனும் ஒட்டியாகிவிட்டது. அடிப்பலகையை வைத்து அழுத்தினால் பின்பக்கம் சமர்த்தாக உட்காருகிறது, முன்பக்கம் மட்டும் அடங்க மறுக்கிறது. "அண்ணே, இன்னும் ரெண்டு கிளாம்ப் போட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டார். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியைக் கேட்டு, அந்த இரண்டு கிளாம்பையும் போட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அளவை இரண்டு முறை சரிபார், ரம்பத்தைத் தீட்டு என்பதெல்லாம் இங்கே இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

காகிதத்தில் முழு அளவு வரைவது

நம் ஊர் ஈரத்தில் காகிதம் நீளும், சுருங்கும். ஏர்கான் அறையில் வரைந்ததைப் பட்டறையில் விரித்தால் வேறு அளவு. வெள்ளை பெயிண்ட் அடித்த பிளைவுட் மேல் வரையுங்கள், இல்லையென்றால் டிராஃப்டிங் ஃபிலிம்.

பலகையின் தடிமனை மறப்பது

அளவு அட்டவணை பலகையின் வெளிமுகத்துக்கா, உள்முகத்துக்கா என்று முதலில் பாருங்கள். வெளிமுகத்துக்கு என்றால் ஃபிரேமிலிருந்து தடிமனைக் கழிக்க வேண்டும்.

ஃபிரேமின் அடிவிளிம்பை நேர்கோடாக வெட்டுவது

இதுதான் விஷயம். இன்றும் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும் தவறு இது ஒன்றுதான்.

ஃபிரேம் நிற்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கீலுக்கு ஒரு புள்ளி, சைனுக்கு ஒரு புள்ளி குறிக்கிறோம். பேட்டன் என்கிற மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துக் கோடுகளைச் சீராக்குகிறோம். அப்புறம் கை தானாக ஸ்கேலை எடுத்து இரண்டு புள்ளிகளையும் நேராகச் சேர்த்துவிடுகிறது. பலகை தட்டையானதுதானே, ஃபிரேமும் நேராக இருந்தால் ஒட்டி உட்காரும் என்று மனசு சொல்கிறது.

உட்காராது. பிளைவுட் ஒரு சமயத்தில் ஒரு பக்கமாகத்தான் வளையும். கச்சாங் பூத்தே கட்டித் தரும் காகிதக் கூம்பை நினைத்துப் பாருங்கள். கிழிக்காமல் விரித்தால் மறுபடி தட்டையான காகிதம். அந்தக் கூம்பின் மேல் ஸ்கேலை வைத்தால் முனையிலிருந்து வாய்வரை ஒரு திசையில் முழுக்க ஒட்டும். அந்தக் கோடு நெடுகக் காகிதம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், திருகாது. படகின் பலகையிலும் இப்படிப்பட்ட நேர்கோடுகள் கட்டாயம் இருக்கும். ஆனால் முன்பக்கத்தில் அவை ஃபிரேமின் மேல் கிடக்காது. கீலில் ஓர் இடத்தில் தொடங்கி, பின்னோக்கிச் சாய்ந்து, சைனை வெகு தூரம் தள்ளித் தொடும். ஃபிரேம் அந்தச் சாய்ந்த கோடுகளைக் குறுக்கே வெட்டுகிறது. கூம்பைக் குறுக்கே வெட்டினால் வளைவுதான் கிடைக்கும். ஃபிரேமிலும் அதே கதைதான். அந்த இடத்தில் பலகை வெளிப்பக்கம் லேசாகப் புடைத்து நிற்கும்.

ஃபிரேம் எல்லாம் நேராக இருந்தால் கிடைக்கும் பரப்பு முழுக்க நேர்கோடுகளால் ஆனதுதான். ஆனால் ஒவ்வொரு கோட்டின் நெடுகிலும் பரப்பு திருகுகிறது. அதை எந்தத் தட்டைப் பலகையாலும் மூட முடியாது. நேர்கோடுகளால் ஆன பரப்பு வேறு, விரிக்கக்கூடிய பரப்பு வேறு. எனக்கு இது புரிய மூன்று பலகை செலவானது.

என் முதல் படகில் 6 மி.மீ. மரைன் பிளைவுட். முதல் ஃபிரேமில் பலகைக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஸ்குரூ போட்டு இழுத்தேன். ஒரு பக்கம் சடசடவென்று சத்தம் வந்து மேல் அடுக்கு பிளந்தது. மறுபக்கம் பிளக்கவில்லை, ஆனால் அது அதைவிட மோசம். பலகை அடங்குவதற்குப் பதில் சைனை உள்ளே இழுத்துக்கொண்டது. பெயிண்ட் அடித்து வெயிலில் வைத்தபோதுதான் சைன் கோட்டில் ஓர் அலை தெரிந்தது. பலகைக்கு மட்டும் அன்றைக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல் போயிற்று. என் மனைவி இன்னும் அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்.

சரி, அந்த நேர்கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது

ஒரு 3.6 மீட்டர் படகின் முன்பகுதியை எடுத்துக்கொள்வோம். தூரம் முன்முனையிலிருந்து, எல்லாம் மி.மீ.

500-இல் கீலின் உயரம் 130. சைனின் அரை அகலம் 192, உயரம் 276.
1000-இல் கீல் 40. சைன் 348, உயரம் 224.
1500-இல் கீல் 0. சைன் 468, உயரம் 184.

விதி இதுதான்: கீலில் ஒரு புள்ளி, சைனில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடும், அந்தந்த இடத்தில் கீல் போகும் திசையும், சைன் போகும் திசையும், மூன்றும் ஒரே தளத்தில் கிடந்தால் அது பலகையின் நேர்கோடு. ஸ்பிரெட்ஷீட்டில் ஒரே வரிதான்:

```
F = q*(dz - p*dx) + (p - r)*y
```

p என்பது கீலின் உயரச் சரிவு. 500-க்கு 50 மி.மீ. முன்னும் பின்னும் உயரத்தை அளந்தால் 100 மி.மீ.க்கு 23 இறங்குகிறது. அதனால் p = -0.23. q என்பது சைனின் அகலம் கூடும் வேகம், r அதன் உயரச் சரிவு. dx, dz இரண்டும் கீல் புள்ளியிலிருந்து சைன் புள்ளி எவ்வளவு பின்னால், எவ்வளவு மேலே என்பது. y சைனின் அரை அகலம். F பூஜ்யமானால் கோடு கிடைத்துவிட்டது.

கீலில் 500-ஐப் பிடித்துக்கொண்டு சைன் வழியே நடப்போம். அதே ஸ்டேஷனில், அதாவது நாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இடத்தில், F = 28.9 வருகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. சைனில் 1000-க்குப் போனால் q = 0.276, r = -0.092, dx = 500, dz = 94. F = 9.7. 1250-க்குப் போனால் -3.1. குறி மாறிவிட்டது. இடையில் கணக்குப் போட்டால் சுமார் 1190. ஆக, கீலில் 500-இல் தொடங்கும் நேர்கோடு சைனை 690 மி.மீ. பின்னால் போய்த்தான் தொடுகிறது.

இதே போல் கீலில் 250-க்குப் பார்த்தால் சைனில் சுமார் 1020 வருகிறது. அந்தக் கோடு 500-இல் நிற்கும் முதல் ஃபிரேமை எங்கே கடக்கிறது? 250-இல் கீல் உயரம் 194. 1020-இல் சைன் அகலம் 353, உயரம் 222. கோட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் ஃபிரேம் நிற்கிறது. அங்கே அகலம் 115, உயரம் 203. நேராக வெட்டிய ஃபிரேமில் அகலம் 115-இல் உயரம் 217. பலகை 14 மி.மீ. கீழே போக விரும்புகிறது, ஃபிரேமோ மேலே நிற்கிறது. அன்று என் விரல் நுழைந்த இடைவெளி இப்படி வந்ததுதான்.

இன்னும் இரண்டு மூன்று கோடுகளுக்கு இதையே செய்தால் முதல் ஃபிரேமின் உண்மையான அடிவளைவு கிடைத்துவிடும். 241 மி.மீ. நீளமுள்ள விளிம்பில், அந்த விளிம்புக்குச் செங்கோணத்தில் அளந்தால் சுமார் 13 மி.மீ. புடைப்பு. கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு: முன்பக்க ஃபிரேம்களின் நடுப்பகுதியை வேண்டுமென்றே உள்ளே தள்ளி வெட்டிவிட்டு, கீலிலும் சைனிலும் மட்டும் பலகையைத் தாங்கவிடுங்கள். பலகை தன் வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு இடைவெளியை எபாக்சி கலவையால் நிரப்பலாம்.

ஆனால் F எங்கேயும் குறி மாறவில்லை என்றால், அல்லது கீலில் பின்னால் நகர நகர சைன் புள்ளி முன்னால் வந்து கோடுகள் பலகைக்குள்ளேயே ஒன்றையொன்று வெட்டினால், ஃபிரேமைச் சீவிப் பயனில்லை. கீல், சைன் கோடுகளையே மாற்ற வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி, அழகுக்காக முன்னால் உயர்த்தி வரைந்த சைன். அதைத் தாழ்த்துங்கள், அல்லது கீலை முன்னால் இன்னும் செங்குத்தாக ஏற்றுங்கள். மேலே உள்ள உதாரணத்தையே நான் முதலில் உயரமான சைனோடும் தாழ்ந்த கீலோடும்தான் வரைந்தேன். புடைப்பு 50 மி.மீ.யைத் தாண்டியது.

கணினி விரித்துக் கொடுத்துவிட்டதே என்று நம்புவது

அந்தத் தம்பியின் பதிலும் இதுதான். "சாஃப்ட்வேர் பலகையை விரிச்சுக் காட்டுச்சுண்ணே."

விரித்துக் காட்டும். Rhino-வில் `Loft` போடும்போது `Straight sections` என்று தேர்ந்தெடுத்தால் கிடைப்பது நான் மேலே திட்டிய அதே திருகிய பரப்பு. கீலுக்கும் சைனுக்கும் நடுவே `DevLoft` கட்டளை வேண்டும். `Smash` கட்டளையோ எதையும் நசுக்கித் தட்டையாக்கித் தரும், அதன் வேலையே அதுதான்.

கையால் முக்கோணம் முக்கோணமாக விரிப்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். முக்கோணம் எப்போதும் தட்டையானது. அதனால் முக்கோணங்களின் வரிசை எந்தப் பரப்பிலிருந்து வந்தாலும் தரையில் அழகாக விரியும். விரிந்தது என்பதால் பலகை வளையும் என்று அர்த்தமில்லை. முக்கோணங்களின் பக்கங்களை முன்பு கண்டுபிடித்த நேர்கோடுகளின் மேல் வைத்து விரித்தால்தான் அந்த வடிவத்தை நம்பலாம்.

அட்டை மாதிரியைச் சின்னதாகச் செய்வது

பத்தில் ஒன்று போதாது. 13 மி.மீ. புடைப்பு அதில் 1.3 மி.மீ. ஆகிவிடும், கண்ணுக்கும் தெரியாது, அட்டையும் ஏமாற்றிவிடும். ஐந்தில் ஒன்று செய்யுங்கள். 720 மி.மீ. நீளம்தான், வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாராளமாக அடங்கும். ஈரம் குடிக்காத, கொஞ்சம் விறைப்பான அட்டையாக இருக்கட்டும். மூடிய பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை முன்பக்கத்தில் வைத்து மெல்லத் திருப்புங்கள். ஒரு திசையில் அது வெளிச்சம் புகாமல் ஒட்டும். அந்தத் திசையை அட்டை மேலேயே பென்சிலால் கோடு போட்டுவையுங்கள்.

ஸ்குரூவால் இழுப்பது

வேண்டாம். ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. என்றால் 4 மி.மீ. பிளைவுட் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் இழுக்கத் தோன்றினால் பலகையைக் கழற்றிவிட்டு ஃபிரேமைப் பாருங்கள்.

அந்தத் தம்பி அன்று கழற்றினார். முதல் இரண்டு ஃபிரேமின் நடுவில் பலகையை இழுக்காமல், கீலிலும் சைனிலும் மட்டும் தாங்கவிடுவது என்று முடிவு செய்தோம். பலகையைத் திரும்ப வைத்தபோது கிளாம்ப் நான்கே போதுமாயிருந்தது.