குரைக்கிற நாயும் கேற்றடிச் சோறும்: இணக்கம் எழுதும்போது விடும் பிழைகள்

மத்தியஸ்த சபைக்குப் புதிதாக வந்திருப்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். காணி வழக்கு, கடன் வழக்கு என்றால் உறுதியைக் கேட்டு, பற்றுச்சீட்டைப் பார்த்து நிதானமாகப் போகிறார்கள். நாய் விவகாரம் வந்ததும் அரை மணித்தியாலத்தில் ஒப்பம் வாங்கி இரண்டு பேரையும் அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே இரண்டு வீட்டாரும் முன்னைவிடக் கோபத்தோடு திரும்பி வருகிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்திலும் இதுதான் நடந்தது. பொறுமையாகப் பேசுங்கள், மரியாதை கொடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

"இனி நாய் குரைக்காது" என்று எழுதி ஒப்பம் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இந்தப் பிழைதான். நாய் குரைக்காது என்று எந்த மனிதராலும் உத்தரவாதம் தர முடியாது. அப்படி எழுதிய கடதாசி, முதல் குரைப்பிலேயே மீறப்பட்ட கடதாசியாகிவிடும். அதற்குப் பிறகு ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்பார். பேச்சு நாயிலிருந்து குணத்துக்குத் தாவிவிடும். அங்கிருந்து அதை மீட்பது பெரிய பாடு.

திருகோணமலை உவர்மலைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தெருநாய்கள் நாலைந்துக்கு இரவு பத்து மணிக்குத் தன் கேற்றடியில் சோறும் மீன் தலையும் வைப்பார். எதிர்வீட்டுக்காரர் விடியப்புறம் கொழும்பு பஸ் எடுக்கும் சாரதி. ஒன்பது மணிக்கே படுக்க வேண்டியவர். முதல் தடவை எழுதப்பட்ட இணக்கம் இரண்டே வரி: டீச்சர் சாப்பாடு போடமாட்டார்; நாய்களால் சத்தம் வராது. மூன்றாம் இரவே அது உடைந்தது.

"தம்பி, பசியோட வந்து நிக்கிற சீவனை நான் எப்படித் துரத்துறது?" என்றார் டீச்சர்.

"டீச்சர், நீங்க சோறு போடுறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல. எனக்கு நித்திரை வேணும். கண் சொக்கினா பஸ்ஸில இருக்கிற சனத்துக்கு ஆர் பொறுப்பு?"

அந்த இரண்டு பேச்சையும் கவனித்துக் கேட்டாலே வழி தெரியும். ஒருவருக்கு நாய் பட்டினி கிடக்கக்கூடாது. மற்றவருக்கு ஒன்பதிலிருந்து நாலு வரை தூக்கம் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. மோதியது நேரமும் இடமும்தான்.

இரண்டாம் முறை எதையும் எழுதுவதற்கு முன் ஆளுக்கொரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து ஒரு கிழமை குறிக்கச் சொன்னோம். எத்தனை மணிக்குக் குரைத்தது, எவ்வளவு நேரம், எந்த நாய் தொடங்கியது, அப்போது ஒழுங்கையில் என்ன நடந்தது என்ற நாலு விஷயம் போதும். இரண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பத்து மணிச் சத்தம் தெருநாய்கள் சாப்பாட்டுக்கு அடிபடுவதால் வந்தது, அது உண்மை. ஆனால் பதினொன்றுக்குப் பிறகு வந்த சத்தத்தில் பாதியைத் தொடங்கியது சாரதியின் சொந்த நாய். கேற்றுக் கம்பிக்குப் பக்கத்தில் குட்டைச் சங்கிலியில் கட்டியிருந்த அந்த நாய், எதிரே மிச்சச் சோற்றைக் காவல் காத்து நின்ற தெருநாய்களைக் கண்டு குரைத்தது. அவை பதிலுக்குக் குரைத்தன. டீச்சரும் வாயைத் திறக்கவில்லை, சாரதியும் திறக்கவில்லை. கொப்பியில் இருந்தது அவரவர் கையெழுத்து.

அதன் பிறகு எழுதிய இணக்கத்தில் குரைப்பு என்ற சொல்லே இல்லை. மனிதர் செய்யக்கூடியவை மட்டும் இருந்தன. சாப்பாடு பின்னேரம் ஆறரைக்கு. இடம், ஒழுங்கையின் கடைசியில் உள்ள வெறும் வளவின் ஓரம். வளவுக்காரரிடம் முதலிலேயே சம்மதம் வாங்கியாயிற்று. நாய்க்கொரு தட்டு, தட்டுக்கிடையில் சில அடி தூரம். கால் மணித்தியாலத்தில் தின்று முடிக்கிற அளவு. முடிந்ததும் தட்டையும் மிச்சத்தையும் டீச்சர் எடுத்துக்கொண்டு வர வேண்டும். சாரதி தன் நாயை இரவில் வீட்டின் பின்பக்கம் நீளமான கயிற்றில் கட்டுவார். கேற்றின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறைப்பார். தெருவைக் காணாத நாய்க்குக் குரைக்கக் காரணம் குறையும்.

கூட்டத்தில் இருந்த ஒரே பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யும் செலவை இரண்டு வீடும் பாதி பாதி. இதைச் சேர்க்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். பெட்டை வருஷத்தில் இரண்டு தடவை வரை வெப்பத்துக்கு வரும். அப்போது அயல் ஒழுங்கைக் கடுவன்கள் எல்லாம் வந்து இரவிரவாக அடிபடும். ஏறத்தாழ 63 நாளில் குட்டிகளும் வந்துவிடும்.

இடத்தை ஒரே நாளில் மாற்றுவது

இணக்கம் நன்றாக இருந்தும் இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். நாய்க்குப் பழகிய இடம் கேற்றடி. திடீரென்று அங்கே சோறு இல்லையென்றால் அது போய்விடாது. நின்று முன்னைவிடக் கூடுதலாகக் குரைக்கும். முறைப்பாட்டுக்காரர் "பார்த்தீங்களா, கூடிப்போச்சு" என்பார். சோறு போடுபவர் மனமிரங்கி ஒரு பிடி வைத்துவிடுவார். அந்த ஒரு பிடி, குரைத்தால் கிடைக்கும் என்று நாய்க்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அடுத்த இரவு இன்னும் நேரம் பிடித்துக் குரைக்கும்.

ஆகவே தட்டை நாளுக்குச் சில யார் தூரமாக நகர்த்துங்கள். நேரத்தையும் பத்திலிருந்து ஆறரைக்கு ஒரே பாய்ச்சலில் கொண்டுவராமல், நாளுக்கு அரை மணித்தியாலம் முன்னால் தள்ளுங்கள். இடையில் சில நாள் சத்தம் கூடும் என்பதை இணக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்த தொல்லையை அயலவர் பொறுத்துக்கொள்வார். தெரியாமல் வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்.

பிடித்துக்கொண்டுபோய் நிலாவெளிப் பக்கம் விடுவது

சாப்பாடும் குப்பையும் இருக்கும்வரை வெறுமையான இடத்துக்கு வேறு நாய்கள் வரும். வருகிறவை ஊசி போடாதவையாகவும் இருக்கலாம்.

நஞ்சு வைப்பது

குற்றம். அந்தப் பேச்சை எடுப்பவரோடு இணக்கம் பேசாதீர்கள்.

மானை மறப்பது

நம்முடைய ஊருக்கே உரிய சிக்கல் இது. கோட்டைப் பக்கத்திலும் நகரத்துக்குள்ளும் புள்ளிமான்கள் வீட்டு வாசல்வரை வருகின்றன. சொப்பிங் பையோடு வீசிய சோற்றை மான் பையோடு சேர்த்துத் தின்கிறது. வயிற்றில் பொலித்தீன் அடைத்துச் சாகிறது. அதே சோற்றுக்கு வரும் நாய்கள் மான்குட்டியைத் துரத்துகின்றன. மான் மேயும் புல்வெளி ஓரத்தில் நாய்ச் சாப்பாட்டு இடத்தைக் குறிக்காதீர்கள். பையில் கட்டி வீசுவது எங்கேயும் வேண்டாம்.

கடியையும் இணக்கத்துக்குள் போடுவது

நாய் கடித்திருந்தால் முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இணக்கம் பேசுவது பிறகு. நாய்களுக்கு விசர்நாய் ஊசியை வருஷாவருஷம் போட வேண்டும். சோறு போடுபவரிடம் அந்த நாய்கள் கிட்ட வரும் என்பதால், ஊசி நாளில் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அந்த உதவி பெரிது. ஊசி அட்டைகளைப் பார்த்தால் அயலவரின் பயத்திலும் பாதி குறையும்.

மீளப் பார்க்கும் திகதி போடாமல் விடுவது

நாலு கிழமை கழித்து ஒரு திகதியை எழுதுங்கள். அன்றைக்கு இருவரும் கொப்பியோடு வர வேண்டும். யாருக்காவது இடையில் குறை இருந்தால் முதலில் யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்பதையும் எழுதுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கேற்றைத் தட்டுவது அதில் சேராது. உவர்மலை ஒழுங்கையில் அந்தத் திகதியில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மழை நாளில் வளவில் தண்ணீர் நின்றதால், மாரி முடியும்வரை தட்டை மதகடிக்கு மாற்றினோம்.