90 நாள் பில்லை இப்போதே காசாக்க

அம்பத்தூரில் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிறீர்கள்; 5 லட்ச ரூபாய் பில், பணம் வர 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ட்ரெட்ஸ் என்ற இணையதளத்தில் அந்த பில்லை ஏற்றலாம். அதற்கு முன்கூட்டியே பணம் தர வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்லும். ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் 90 நாளுக்குக் கழிவது சுமார் 11,100 ரூபாய், தளக் கட்டணம் தனி. பிறகு கம்பெனி கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. வெளியே பில் டிஸ்கவுண்ட் செய்தால் பெரும்பாலும் கேட்பார்கள்!

ஆனால் கம்பெனி தளத்தில் பில்லை ஒப்புக்கொண்டால்தான் பணம். விற்றுமுதல் 250 கோடி தாண்டிய கம்பெனிகள் ட்ரெட்ஸில் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் பில்லை உடனே ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு கதை. அதனால் ஆர்டர் வாங்கும்போதே, எத்தனை நாளில் ஒப்புக்கொள்வார்கள் என்று எழுதி வாங்குங்கள்.