கல் சரிந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை: தீவிரத்தை இரண்டு முறை மதிப்பிடுவது எப்படி

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் பாதுகாப்புப் பதிவேடு எழுதும் வேலை என்னுடையது. சம்பவப் படிவத்தில் 'உண்மையான தீவிரம்', 'சாத்தியமான தீவிரம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். ரொம்ப நாள் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்த வைத்த சம்பவத்தை வைத்தே முறையைச் சொல்கிறேன். சம்பவம் நடந்ததும் செய்யும் முதலுதவி, போட்டோ, சாட்சி விசாரிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். ஸ்லாப்களைச் சாய்த்து அடுக்கும் ஏ பிரேமில் ஒரு பக்கம் காலி, மறுபக்கம் ஆறு ஸ்லாப். கேன்ட்ரி கிரேனில் பெல்ட் போட்டு முதல் ஸ்லாப்பைத் தூக்கியதும் பக்கத்து ஸ்லாப் அதோடு ஒட்டி நிமிர்ந்து, வெளிப்பக்கம் சாய்ந்து தரையில் விழுந்து உடைந்தது. ஹெல்ப்பர் பையன் அடியில் வைக்கும் மரக்கட்டை எடுக்க நாலைந்து அடி தள்ளிப் போயிருந்தான். ஒரு சில்லு கணுக்காலில் பட்டுக் கீறல். மருந்து தடவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நானும் இரண்டு கட்டத்திலும் 1 என்று எழுதி மூடிவிட்டேன்.

முதலில் அளவுகோல்

ஐந்து படி போதும். 1: காயமில்லை, அல்லது முதலுதவியோடு சரி. 2: டாக்டரிடம் போக வேண்டும், மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார். 3: 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாது. 4: நிரந்தர ஊனம். 5: உயிரிழப்பு. மூன்றாம் படிக்கு 48 மணி நேரத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு, விபத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க அந்த எல்லையைத்தான் வைத்தது.

வாய்ப்புக்கு மூன்று படி வைத்தேன். ஐந்து வைத்தால் 'எப்போதாவது'க்கும் 'சில நேரம்'க்கும் என்ன வித்தியாசம் என்று மேஸ்திரியோடு அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது.

| தீவிரம் | அரிது | நடக்கலாம் | எளிதில் நடக்கும் |
|---|---|---|---|
| 5 | மஞ்சள் | சிவப்பு | சிவப்பு |
| 4 | மஞ்சள் | சிவப்பு | சிவப்பு |
| 3 | பச்சை | மஞ்சள் | சிவப்பு |
| 2 | பச்சை | பச்சை | மஞ்சள் |
| 1 | பச்சை | பச்சை | பச்சை |

இதை ஏ4 தாளில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, யார்டில் வைத்தே எழுதுங்கள். இரண்டுக்கும் ஐந்து படி வைத்து, எண்களைப் பெருக்கிக் காட்டும் எக்செல் ஷீட் எனக்குப் பிடிக்காது. தீவிரம் 5, வாய்ப்பு 1 என்றாலும் விடை 5. தீவிரம் 1, வாய்ப்பு 5 என்றாலும் விடை 5. ஒன்று ஆள் சாகிற விஷயம், இன்னொன்று அடிக்கடி வரும் கீறல். பெருக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

உண்மையான தீவிரம்

நடந்ததை மட்டும் பார்த்து எழுதுங்கள். கீறல், முதலுதவி: 1. இதற்கு வாய்ப்புக் கட்டம் கிடையாது. அது நடந்து முடிந்துவிட்டது. மறுநாள் வீக்கம் வந்து டாக்டரிடம் போனால் எண்ணைத் திருத்த வேண்டும்.

சாத்தியமான தீவிரம்

அந்த இடத்துக்கு ஆளோடு போய் நில்லுங்கள். நான் போனது இரண்டு நாள் கழித்து. "கட்டை எடுக்கப் போகாம இருந்தா எங்க நின்னிருப்பே?" என்று கேட்டேன். பையன் சாக்பீஸால் தரையில் இரண்டு பாதம் வரைந்தான். ஸ்லாப் விழுந்து சிதறிய இடத்துக்கு நட்ட நடுவில் இருந்தது அந்தப் பாதம்.

அப்புறம் எடையைக் கணக்குப் போடுங்கள். 10 அடிக்கு 6 அடி, 20 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 300 கிலோ. நிற்கிற ஆள் மேல் அது சாய்ந்தால் கால் முறிவோடு நிற்காது. ஆக 5.

கற்பனைக்கு எல்லை வேண்டும். நான் வைத்திருக்கும் விதி: நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ஆள் நின்ற இடம், அல்லது நேரம், அல்லது விழுந்த திசை. இங்கே ஆள் நாலடி நகர்ந்தாலே 5 வந்துவிடுகிறது. மூன்று நான்கு விஷயங்களை மாற்றினால்தான் சாவு வரும் என்றால் அது இந்தச் சம்பவத்தின் மதிப்பீடு இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். பையன் தப்பியது ஏற்பாட்டாலா, அதிர்ஷ்டத்தாலா? மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற விதி இருந்து, அதனால் தள்ளி நின்றிருந்தால், அது தடுப்பு. வாய்ப்பு குறைகிறது என்று எழுதலாம். கட்டை எடுக்கப் போனது அதிர்ஷ்டம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

வாய்ப்பு: நான் தடுக்கி விழுந்த இடம்

இங்கே இரண்டு தப்புச் செய்தேன். முதலில், 'ஸ்லாப் சரிவது எவ்வளவு அடிக்கடி நடக்கும்' என்று கேட்டுக்கொண்டு 'அரிது' போட்டேன். கேள்வியே தப்பு. சரிவது நடந்துவிட்டது. கேட்க வேண்டியது: இதே சரிவு இன்னொரு முறை நடந்தால், ஆள் சாகிற அளவுக்குப் போக எவ்வளவு வாய்ப்பு?

அதைத் திருத்தியும் மறுபடி 'அரிது' வந்தது. ஒரு ஷிப்டில் எட்டுத் தடவை தூக்குகிறோம், ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் ஆள் பக்கத்தில் நிற்கிறார், மொத்தம் 24 நிமிடம். எட்டு மணி நேரத்தில் அது சின்னப் பங்கு என்று கணக்குப் போட்டேன். கேன்ட்ரி ஓட்டும் அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சும்மா நிக்கிற கல்லு சாயாதுங்க. நாம கை வெச்சாத்தான் சாயும்."

அந்த ஒரு பேச்சில் கணக்கு உடைந்தது. ஸ்லாப் சரிவது பெல்ட் போடும்போது, தூக்கும்போது. ஆள் பக்கத்தில் நிற்பதும் அதே நேரம்தான். 24 நிமிடத்தை எட்டு மணி நேரத்தோடு ஒப்பிடவே கூடாது. சரிகிற அந்த நொடியில் ஆள் அங்கே இருப்பாரா என்றுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருப்பார். ஆக 'எளிதில் நடக்கும்'. பச்சையில் மூடிய சம்பவம் சிவப்புக்குப் போனது.

வார்த்தையில் எழுதுவது

'5, சிவப்பு' என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. 'பெரிய விபத்து தவிர்க்கப்பட்டது' என்பதும் வேண்டாம். யார் தவிர்த்தார்கள் என்று அதில் இல்லை. திருத்தி எழுதிய என் பதிவு இது:

"உண்மையான தீவிரம் 1: ஹெல்ப்பர் கணுக்காலில் கீறல், முதலுதவி. சாத்தியமான தீவிரம் 5: சுமார் 300 கிலோ ஸ்லாப், வழக்கமாக ஆள் நிற்கும் இடத்தில் விழுந்தது. வாய்ப்பு, எளிதில் நடக்கும்: பெல்ட் போடும்போதும் தூக்கும்போதும்தான் ஸ்லாப் சரிகிறது, அப்போது ஆள் அங்கேதான் நிற்பார். அவர் கட்டை எடுக்கப் போனது தற்செயல். நிற்கும் இடத்துக்கு விதி இல்லை, பிரேமில் தடுப்புக் கம்பி இல்லை."

கடைசி வாக்கியம் கட்டாயம். அதைப் படித்த பிறகுதான் முதலாளி கம்பி வெல்டிங் வைக்கச் சொன்னார்.

பின்சேர்க்கை 1: எல்லாச் சம்பவத்துக்கும் 5 வருகிறதே என்று பர்கூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இடுப்பு உயரத்திலிருந்து சுத்தியல் பாதத்தில் விழுந்ததற்கும் 5 போட்டிருந்தார். எடையையும் உயரத்தையும் முதலில் எழுதுங்கள். இரண்டு கிலோ, மூன்றடி: விரல் எலும்பு முறியலாம், அதனால் 3. ஒரே ஒரு மாற்றம் விதியையும் மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: கம்பி வைத்தாகிவிட்டது, இப்போது பழைய பதிவில் மதிப்பைக் குறைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடாது. அது சம்பவ நேரத்து நிலை. கம்பி வைத்த பின் உள்ள நிலையைக் கீழே தேதி போட்டுத் தனி வரியில் எழுதுங்கள். அதிலும் 5 அப்படியே இருக்கும், ஏனென்றால் கல்லின் எடை குறையவில்லை. மாறுவது வாய்ப்பு மட்டும். எங்கள் பதிவில் இப்போது '5, அரிது, மஞ்சள்' என்று இருக்கிறது, கம்பி கழற்றப்படாமல் இருக்கும் வரை.